வெப்பமும் வேலையும் போகும் வழியைப் பொறுத்து மாறும், அக ஆற்றல் மட்டும் மாறாது: ஒரே கணக்கில் படிப்படியாக

வெப்ப இயக்கவியலில் புதிதாக நுழைகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். "அக ஆற்றல் நிலைச் சார்பு, வெப்பமும் வேலையும் வழிச் சார்பு" என்று தடங்கலில்லாமல் சொல்வார்கள். உடனே "சரி, இந்த வாயுவுக்குள் இப்போது எவ்வளவு வெப்பம் இருக்கிறது?" என்று கேட்டால் பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். கேள்வியே தப்பு என்று தோன்றாது.

இன்னும் பத்து உதாரணங்களைப் படித்தால் இது சரியாகிவிடாது. ஒரே ஒரு கணக்கை, சரியான வரிசையில், கடைசி ஜூல் வரை போட்டுப் பார்க்க வேண்டும். அதைத்தான் இங்கே செய்யப்போகிறோம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பெரும்பாலான குழப்பம் வெப்பத்தை முதலில் கணக்கிடப் போவதால்தான் வருகிறது.

## 1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மூன்றே விஷயங்கள் போதும். முதலாவது, நல்லியல்பு வாயுச் சமன்பாடு `PV = nRT`. இரண்டாவது, ஓரணு வாயுவின் அக ஆற்றல்:

```
U = (3/2) nRT = (3/2) PV
```

மூன்றாவது ஓர் அலகுச் சுருக்கம்: 1 கிலோபாஸ்கலை 1 லிட்டரால் பெருக்கினால் சரியாக 1 ஜூல் வரும். அழுத்தத்தைக் கிலோபாஸ்கலிலும் பருமனை லிட்டரிலும் வைத்துக்கொண்டால், பெருக்கி வருவது நேராக ஜூலில் கிடைக்கும். பத்தின் அடுக்குகளில் மாட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை.

குறியீட்டையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். இங்கே `Q` என்பது வாயுவுக்குள் வரும் வெப்பம், `W` என்பது வாயு வெளியே செய்யும் வேலை. ஆகவே முதல் விதி இப்படி:

```
ΔU = Q − W
```

வேதியியல் பாடங்களில் வாயுவின் மீது செய்யப்படும் வேலையை `w` என்று எடுத்து `ΔU = q + w` என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. பாதிக் கணக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால்தான் விடை கெடும். தாளின் மேல் மூலையில் எந்தக் குறியீடு என்று எழுதி வைத்துக்கொள்வது சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். நான் இன்றும் எழுதுகிறேன்.

## 2. இரண்டு நிலைகளையும் முழுமையாக எழுதுங்கள்

ஒரு செங்குத்தான சிலிண்டர். உள்ளே ஆர்கான் வாயு, சுமார் 0.80 மோல், அதாவது 32 கிராம். மேலே உராய்வில்லாமல் வழுக்கும் பிஸ்டன், அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். பிஸ்டனுக்குச் சொந்த எடை இல்லை என்றும், வெளியே வெற்றிடம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆகவே வாயுவை அழுத்துவது பிஸ்டன் மேல் நாம் வைக்கும் பளு மட்டும்தான்.

தொடக்க நிலை A: அழுத்தம் 200 கிலோபாஸ்கல், பருமன் 10 லிட்டர், வெப்பநிலை 300 கெல்வின். பிஸ்டன் அடியிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேலே இருக்கும் பளு 2000 நியூட்டன்.

இறுதி நிலை B: அழுத்தம் 100 கிலோபாஸ்கல், பருமன் 30 லிட்டர். `PV` இங்கே 3000 ஜூல், A-யில் 2000 ஜூல். ஆகவே வெப்பநிலை ஒன்றரை மடங்கு, 450 கெல்வின். பிஸ்டன் 3 மீட்டர் உயரத்தில், பளு 1000 நியூட்டன்.

வழியைப் பற்றி யோசிக்கும் முன் இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. "நிலை" என்றால் என்ன என்பது இந்த இரண்டு பத்தியிலேயே தீர்ந்துவிட்டது. எவ்வளவு வாயு, என்ன அழுத்தம், என்ன பருமன் என்று சொன்னால் போதும், வெப்பநிலை தானே வந்துவிடுகிறது. நேற்று இந்த வாயு எங்கே இருந்தது என்று கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

## 3. வழி எதுவென்று முடிவு செய்யும் முன்பே ΔU-வைக் கண்டுபிடியுங்கள்

A-யில் அக ஆற்றல் 2000-இன் ஒன்றரை மடங்கு, 3000 ஜூல். B-யில் 4500 ஜூல். ஆகவே

```
ΔU = 4500 − 3000 = +1500 J
```

வாயு A-யிலிருந்து B-க்கு எப்படிப் போகப்போகிறது என்று இன்னும் நாம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனாலும் விடை வந்துவிட்டது. நிலைச் சார்பு என்பதற்குச் செய்முறை அர்த்தம் இதுதான்.

ஏன் இப்படி வருகிறது என்பதற்கு வாயுவின் உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஆர்கான் ஓரணு வாயு. இந்த அடர்த்தியில் அணுக்கள் ஒன்றையொன்று கவர்வதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. ஆகவே அக ஆற்றல் என்று சொல்லத்தக்கது அணுக்கள் ஓடும் இயக்க ஆற்றல் மட்டுமே. சிலிண்டருக்குள் சுமார் 4.83 × 10²³ அணுக்கள் இருக்கின்றன. 450 கெல்வினில் ஓர் அணுவின் சராசரி இயக்க ஆற்றல் சுமார் 9.3 × 10⁻²¹ ஜூல். பெருக்கினால் அதே 4500 ஜூல்.

இந்தக் கூட்டலைச் செய்ய, இப்போது ஒவ்வோர் அணுவும் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும். அந்த வேகம் அடுப்பிலிருந்து வந்ததா, பிஸ்டன் தள்ளியதால் வந்ததா என்று அணுவின் மேல் எந்த முத்திரையும் கிடையாது.

நல்லியல்பு வாயுவுக்கு மட்டும் நடக்கும் சௌகரியம் இது என்று எண்ண வேண்டாம். நன்றாகக் காப்பிடப்பட்ட பாத்திரத்தில் 1 கிலோ தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். துடுப்பால் கலக்கி அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேலை வேண்டும். கலக்காமல் உள்ளே மின்கம்பியைப் போட்டுச் சூடாக்கினாலும் அதே 4.2 கிலோஜூல் மின்வேலைதான். ஜூல் 1840-களில் விதவிதமாகச் செய்து பார்த்து நிறுவியது இதைத்தான். வெப்பம் உள்ளே வரவும் வெளியே போகவும் விடாமல் அடைத்துவிட்டால், இரண்டு நிலைகளுக்கு நடுவே தேவைப்படும் வேலை எந்த முறையில் செய்தாலும் ஒன்றே. அந்த ஒரே எண்ணைத்தான் அக ஆற்றலின் வேறுபாடு என்கிறோம்.

## 4. இப்போது வேலை: பளு எவ்வளவு உயரம் போனது என்று மட்டும் பாருங்கள்

A-யிலிருந்து B-க்கு இரண்டு வழிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே மெதுவாக நடக்கின்றன. மெதுவாக என்று வலியுறுத்தக் காரணம், ஒவ்வொரு கணத்திலும் வாயு முழுவதற்கும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். அப்போதுதான் வரைபடத்தில் கோடு போட முடியும்.

முதல் வழி: சூடாக்கி உயர்த்திவிட்டுக் குளிர்விப்பது. 2000 நியூட்டன் பளுவை அப்படியே வைத்துக்கொண்டு வாயுவைச் சூடாக்குகிறோம். அழுத்தம் 200 கிலோபாஸ்கலிலேயே நிற்க, பிஸ்டன் 1 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு ஏறுகிறது. அப்போது வெப்பநிலை 900 கெல்வின். இனி பிஸ்டன் நகராதபடி ஓர் ஆணியைச் செருகிவிட்டு, வாயுவை 450 கெல்வின் வரை குளிர்விக்கிறோம். அழுத்தம் பாதியாகிறது. பாதிப் பளுவைப் பக்கத்துத் தட்டில் இறக்கி வைத்துவிட்டு ஆணியை எடுத்தால் பிஸ்டன் அசையாது. B-க்கு வந்தாயிற்று.

வேலை எவ்வளவு? 2000 நியூட்டன் 2 மீட்டர் ஏறியது: 4000 ஜூல். ஆணி செருகியிருந்தபோது எதுவும் நகரவில்லை, ஆகவே அங்கே வேலை சுழி. சூத்திரத்தில் போட்டாலும் 200 × 20 = 4000.

இரண்டாம் வழி: முதலில் குளிர்வித்துவிட்டு உயர்த்துவது. A-யிலேயே ஆணியைச் செருகி, வாயுவை 150 கெல்வினுக்குக் குளிர்விக்கிறோம். (சாதாரண அழுத்தத்தில் ஆர்கான் சுமார் 87 கெல்வினில்தான் திரவமாகும், ஆகவே கவலையில்லை.) அழுத்தம் 100 கிலோபாஸ்கலாகிறது. பாதிப் பளுவைக் கீழேயே இறக்கி வைத்துவிட்டு, ஆணியை எடுத்து, மெதுவாகச் சூடாக்குகிறோம். மீதி 1000 நியூட்டன் 2 மீட்டர் ஏறுகிறது. வேலை 2000 ஜூல்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு வழியிலும் முடிவில் சிலிண்டருக்குள் இருக்கும் ஆர்கான் அச்சு அசலாக ஒன்றே. அதே அழுத்தம், அதே பருமன், அதே 450 கெல்வின். வாயுவை மட்டும் பார்த்து எந்த வழியில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் சிலிண்டருக்கு வெளியே பாருங்கள். முதல் வழியில் இறக்கி வைத்த பாதிப் பளு, தொடங்கிய இடத்தைவிட 2 மீட்டர் உயரமான தட்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் வழியில் அது கீழேயே கிடக்கிறது. 1000 நியூட்டனை 2 மீட்டரால் பெருக்கினால் 2000 ஜூல். 4000-க்கும் 2000-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், பாடத்தின் மையமே இந்தப் படம்தான். வந்த வழியின் சுவடு வாயுவில் இல்லை, சூழலில் இருக்கிறது. மலையேற்ற உவமையைப் பலர் சொல்வார்கள், எந்தப் பாதையில் ஏறினாலும் உச்சியின் உயரம் ஒன்றே என்று. அதில் தப்பில்லை. ஆனால் நடந்த தூரம் எங்கே பதிவாகிறது என்பதை அது காட்டாது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

## 5. நடுவழியில் நிறுத்தி, ஒரு லிட்டரை மட்டும் உற்றுப் பாருங்கள்

வேலை ஏன் வழியைப் பொறுத்தது என்று இன்னும் பிடிபடாதவர்களுக்கு இந்தப் படி. பிஸ்டன் 2 மீட்டர் உயரத்தைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். பருமன் 20 லிட்டர். அடுத்த 10 சென்டிமீட்டர் ஏறினால் 21 லிட்டர்.

முதல் வழியில் அந்த 10 சென்டிமீட்டருக்கு 2000 நியூட்டனைத் தூக்க வேண்டும்: 200 ஜூல். இரண்டாம் வழியில் அதே 10 சென்டிமீட்டருக்கு 1000 நியூட்டன்: 100 ஜூல். பருமன் மாறிய அளவு ஒன்றே. அந்தப் பருமனில் இருந்த அழுத்தம்தான் வேறு.

வேலைக்கான சூத்திரம் `W = ∫P dV`. தொடக்கப் பருமனும் இறுதிப் பருமனும் தெரிந்துவிட்டதாலேயே இதைக் கணக்கிட முடியாது. நடுவே ஒவ்வொரு பருமனிலும் அழுத்தம் என்னவாக இருந்தது என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்வதுதான் வழியைச் சொல்வது. 20 லிட்டரில் அழுத்தத்தை எவ்வளவு வைத்துக்கொள்வது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. வாயுவின் வெப்பநிலையைக் கூட்டியோ குறைத்தோ அதை விரும்பிய அளவுக்குக் கொண்டுவரலாம்.

அழுத்தம்–பருமன் வரைபடத்தில் இது கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பு. கோடு மேலே போனால் பரப்பு அதிகம். வரைபடத்தை முதலிலேயே காட்டினால் மாணவர்கள் பரப்பைக் கணக்கிடக் கற்றுக்கொள்வார்கள், பளுவை மறந்துவிடுவார்கள். அதனால்தான் அதை இவ்வளவு தள்ளி வைத்தேன்.

## 6. வெப்பத்தைக் கடைசியாகக் கண்டுபிடியுங்கள்

இனி புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. `ΔU` எப்படிப் போனாலும் 1500 ஜூல். வேலை தெரியும். முதல் விதியைத் திருப்பி எழுதினால் `Q = ΔU + W`.

முதல் வழியில் 1500 + 4000 = 5500 ஜூல். இரண்டாம் வழியில் 1500 + 2000 = 3500 ஜூல்.

வெப்பம் ஏன் வழியைப் பொறுத்தது என்ற கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. உள்ளே சேர வேண்டியது இரண்டு வழிக்கும் ஒரே 1500 தான். வெளியே பளுவைத் தூக்கப் போனது ஒன்றில் அதிகம், மற்றொன்றில் குறைவு. அதிகமாகச் செலவழித்த வழிக்கு அதே அளவு அதிகமாக வெப்பம் கொடுத்தாக வேண்டும். இரண்டு மாறும் எண்களின் வித்தியாசம் மாறாமல் நிற்கிறது என்றால், அவை ஒன்றாகத்தான் ஏறி இறங்க முடியும்.

முதல் விதியை நம்பி மட்டும் விடாமல், நேரடியாகவும் சரிபாருங்கள். அழுத்தம் மாறாத நிகழ்வில் ஓரணு வாயு வாங்கும் வெப்பம் `(5/2)PΔV`, பருமன் மாறாத நிகழ்வில் `(3/2)VΔP`. முதல் வழி: உயரும்போது +10000, குளிரும்போது −4500, மொத்தம் 5500. இரண்டாம் வழி: குளிரும்போது −1500, உயரும்போது +5000, மொத்தம் 3500. இரண்டும் பொருந்துகின்றன. பொருந்தாமல் போனால் பெரும்பாலும் குளிரும் பகுதியின் எதிர்க்குறியை விட்டிருப்பீர்கள்.

## 7. மூன்றாம் வழி: மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுவது

ஒரு விசேஷத்துக்காக இன்னொரு வழியையும் போட்டுப் பார்க்கலாம். பளுவாக மணல் வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். பிஸ்டன் ஏற ஏற, அந்தந்த உயரத்துத் தட்டுகளில் மணலைச் சீராக அள்ளி வைத்துக்கொண்டே போகிறோம். பளு 2000-இலிருந்து 1000 நியூட்டனுக்கு ஒரே சீராகக் குறைகிறது. வரைபடத்தில் இது A-யையும் B-யையும் இணைக்கும் நேர்கோடு.

சராசரிப் பளு 1500 நியூட்டன், ஏறியது 2 மீட்டர். வேலை 3000 ஜூல், வெப்பம் 4500 ஜூல். மூன்று வழிகளும் சேர்ந்து:

```
வழி    W (J)    Q (J)    Q − W (J)
1      4000     5500     1500
2      2000     3500     1500
3      3000     4500     1500
```

விசேஷம் இந்த வழியின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. நேர்கோட்டில் அழுத்தம் `P = 250 − 5V` (கிலோபாஸ்கல், லிட்டர்). `PV` 25 லிட்டரில் உச்சத்தை எட்டுகிறது: 3125 ஜூல், வெப்பநிலை சுமார் 469 கெல்வின். அதற்குப் பிறகு 30 லிட்டர் வரை வெப்பநிலை இறங்கி 450-க்கு வருகிறது.

25-லிருந்து 30 லிட்டர் வரையிலான அந்தத் துண்டை மட்டும் எடுங்கள். அக ஆற்றல் 187.5 ஜூல் குறைகிறது. சராசரி அழுத்தம் 112.5 கிலோபாஸ்கல், ஆகவே வேலை 562.5 ஜூல். வெப்பம் −187.5 + 562.5 = +375 ஜூல்.

வாயு குளிர்கிறது, ஆனால் வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை இந்த எண் வந்தபோது எங்கோ குறி மாறிவிட்டது என்று நினைத்து முழுக் கணக்கையும் அடித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே 375 தான் வந்தது. வாங்கும் வெப்பத்தைவிட வேகமாக வேலையில் செலவழிக்கிறது, பற்றாக்குறையை அணுக்களின் இயக்க ஆற்றலிலிருந்து எடுக்கிறது, அவ்வளவுதான். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றின் இரண்டு பெயர்கள் என்ற எண்ணம் உங்களுக்குள் எங்கேயாவது மிச்சமிருந்தால், இந்தத் துண்டைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

## 8. போய்விட்டுத் திரும்பி வந்து சோதியுங்கள்

ஓர் அளவு நிலைச் சார்பா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் பயன்படுத்தும் சோதனை, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. முதல் வழியில் A-யிலிருந்து B-க்குப் போய், இரண்டாம் வழியைத் தலைகீழாக நடத்தி B-யிலிருந்து A-க்கு வாருங்கள்.

போகும்போது வேலை 4000, வெப்பம் 5500. திரும்பும்போது எல்லாக் குறியும் மாறும்: வேலை −2000, வெப்பம் −3500. மொத்தத்தில் வேலை 2000, வெப்பம் 2000, அக ஆற்றல் மாற்றம் சுழி.

வாயு பழைய நிலைக்கே வந்துவிட்டது, ஆனால் வெளியே 2000 ஜூல் மதிப்புக்குப் பளு மேலே ஏறியிருக்கிறது. எரிபொருளில் ஓடும் எந்த வெப்ப இயந்திரமும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஓடுகிறது. வேலை நிலைச் சார்பாக இருந்திருந்தால், ஒரு சுற்று முடிந்ததும் கிடைத்த வேலை எப்போதுமே சுழியாக இருக்கும், இயந்திரம் என்று ஒன்றே இருந்திருக்காது.

இதையே மறுபக்கமிருந்தும் கேட்டுப் பார்க்கலாம். அக ஆற்றல் நிலைச் சார்பாக இல்லாமல் இருந்தால்? A-க்குத் திரும்பிய வாயுவில் முன்பைவிடக் கூடுதலாக, உதாரணத்துக்கு 100 ஜூல் இருக்கிறது என்று கொள்வோம். அழுத்தம், பருமன், வெப்பநிலை எல்லாம் பழையபடியே இருந்தும் 100 ஜூல் அதிகம். அதை வெளியே எடுத்துவிட்டு, திரும்பவும் சுற்றலாம், திரும்பவும் எடுக்கலாம். எரிபொருளே இல்லாமல் ஆற்றல் கொட்டும் இயந்திரம் கையில் வந்துவிடும். அப்படி ஒன்று அமையவில்லை என்பதைத்தான் முதல் விதி சொல்கிறது.

## 9. வழக்கமாகத் தப்பு நடக்கும் இடங்கள்

`ΔQ`, `ΔW` என்று எழுதுவது. `Δ` என்றால் இறுதி மதிப்பில் தொடக்க மதிப்பைக் கழிப்பது. A-யில் வாயுவின் வெப்பம் இவ்வளவு, B-யில் இவ்வளவு என்று சொல்ல முடிந்தால்தான் அது பொருந்தும். அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் வெப்பம் என்பது எல்லையைத் தாண்டும்போது மட்டும் இருக்கும் பெயர். உள்ளே நுழைந்ததும் அது அக ஆற்றல். சின்ன அளவுகளுக்கு `dU`, ஆனால் `δQ`, `δW` என்று எழுத்தை மாற்றி எழுதுவதும் இதற்காகத்தான்.

எங்கும் `Q = mcΔT` போடுவது. இதை முதலில் படித்தபோது வழி பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் கணக்குகளில் வழி மறைவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. திறந்த பாத்திரத்தில் அழுத்தம் மாறாது. வழியை அப்படிக் கட்டிப்போட்டுவிட்டால் வெப்பமும் நிலைகளை மட்டும் சார்ந்த எண்ணாகிவிடும். பருமன் மாறாவிட்டால் `Q`-வும் `ΔU`-வும் சமம், அழுத்தம் மாறாவிட்டால் `Q`-வும் என்தால்பி மாற்றமும் சமம். வாயுவுக்கு இரண்டு வெப்ப ஏற்புத்திறன்கள் தேவைப்படுவதற்குக் காரணமும் இதுவே. வழி சுதந்திரமாக இருக்கும் கணக்கில் இந்தச் சூத்திரத்தை அப்படியே இறக்கினால் விடை கெடும்.

வழி சார்ந்தது என்பதால் எதுவும் நிச்சயமில்லை என்று எண்ணுவது. வழியைச் சொல்லிவிட்டால் வெப்பமும் வேலையும் கடைசி ஜூல் வரை நிச்சயமானவை. நிலைகளை மட்டும் சொன்னால் போதாது என்பதுதான் விஷயம்.

வேகமாக நடக்கும் விரிவிலும் `∫P dV` போடுவது. இதில்தான் கொஞ்சம் தேறியவர்களும் மாட்டுகிறார்கள். காப்பிடப்பட்ட பெட்டியில் ஒரு தடுப்பு. ஒரு பக்கம் நம் ஆர்கான், 10 லிட்டர், 300 கெல்வின். மறுபக்கம் 10 லிட்டர் வெற்றிடம். தடுப்பை உடைத்தால் வாயு பாய்ந்து 20 லிட்டரை நிரப்புகிறது. எந்தப் பளுவும் ஏறவில்லை, வேலை சுழி. வெப்பமும் சுழி. ஆகவே `ΔU` சுழி, வெப்பநிலை 300-லேயே இருக்கிறது.

இதே இரண்டு நிலைகளுக்கு நடுவே, 300 கெல்வின் மாறாமல் மெதுவாகப் பிஸ்டனைத் தள்ளவிட்டால் வேலை 2000 × ln 2, சுமார் 1386 ஜூல். அதே அளவு வெப்பம் உள்ளே வர வேண்டும். `ΔU` இங்கேயும் சுழி. பாய்ந்து விரியும்போது வாயுவுக்கு ஓர் அழுத்தம் என்று ஒன்றில்லை, ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு. வரைபடத்தில் இரண்டு புள்ளிகளைத்தான் வைக்க முடியும், நடுவே கோடு போட முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் வெளியே என்ன தூக்கப்பட்டது என்று பார்த்துத்தான் வேலையைச் சொல்ல வேண்டும். அக ஆற்றலுக்கு இந்தச் சிக்கலே வராது, இரண்டு முனைகளும் அமைதியாக இருந்தால் போதும்.

## 10. நீங்களே போட்டுப் பார்க்க ஒரு வழி

அதே A, அதே B. முதலில் 300 கெல்வின் மாறாமல் 10-லிருந்து 30 லிட்டர் வரை மெதுவாக விரியவிடுங்கள். அழுத்தம் 66.7 கிலோபாஸ்கலுக்கு இறங்கும். பிறகு பிஸ்டனுக்கு ஆணி செருகி 450 கெல்வின் வரை சூடாக்குங்கள்.

இதே வரிசையில் செய்யுங்கள்: `ΔU` முதலில், வேலை அடுத்து, வெப்பம் கடைசியில். வேலை சுமார் 2197 ஜூல், வெப்பம் சுமார் 3697 ஜூல் வர வேண்டும். வெப்பம் 2197 என்று நின்றுவிட்டால், ஆணி செருகிய பிறகு உள்ளே போன 1500 ஜூலைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். வேலை 2000 என்று வந்தால், அழுத்தம் மாறிக்கொண்டே இருந்ததைக் கவனிக்காமல் இரண்டாம் வழியின் எண்ணை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.